கல்லூரி மாணவருக்கான நேர முகாமைத்துவச் செயலமர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளைப் பக்கங்களில் இந்தச் செயலமர்வை நடத்தும்போதெல்லாம் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கல்வியியற் கல்லூரி, தொழில்நுட்பக் கல்லூரி, பல்கலைக்கழகம் என்று இடம் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து கீழாக வாசித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்ன கணக்கில்தான் நிற்கின்றன.

செயலமர்வுன்னா என்ன செய்வீங்க? நேரம் பொன் போன்றதுன்னு நாள் முழுக்கப் பேசுவீங்களா?

இல்லை. நான் பேசுவது எல்லாம் சேர்த்து இருபது நிமிடத்துக்கு மேல் போகாது. மீதி நேரம் உங்கள் கையில் பென்சில் இருக்கும். காலை 9.30க்குத் தொடங்குவோம். முதல் ஒரு மணித்தியாலம், நீங்கள் ஏற்கெனவே எழுதிக் கொண்டுவந்த ஒரு வாரக் குறிப்பைக் கூட்டிப் பார்ப்பது. அடுத்த முக்கால் மணித்தியாலம், ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று ஊகித்துவிட்டு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று அளப்பது. தேத்தண்ணிக்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம், உங்கள் கையில் இப்போது இருக்கும் ஒப்படை ஒன்றை எடுத்து, கெடு நாளிலிருந்து பின்னோக்கித் திட்டம் போடுவது. சாப்பாட்டுக்குப் பிறகு, அந்தத் திட்டம் எங்கே உடையும் என்று பார்த்து முட்டுக் கொடுப்பது. பிற்பகல் 2.30க்கு முடித்துவிடுவோம்.

2.30 என்பதைத் தெரிந்தேதான் வைத்தோம். தோட்டத்துப் பஸ் பின்னேரம் குறைந்துவிடும், மழைக்காலத்தில் நாலு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் கடைசி ஒரு மணித்தியாலத்தில் எதைச் சொன்னாலும் ஏறாது.

வர்றதுக்கு ஒரு வாரத்துக்கு முன்னமே ஒரு தாள் தந்து எழுதச் சொல்றீங்களே, அது எதுக்கு?

செயலமர்வின் முதுகெலும்பே அந்தத் தாள்தான். ஏழு நாளுக்கு ஏழு நிரல், ஒரு நாளின் 24 மணித்தியாலத்துக்கும் அரை மணித்தியாலக் கட்டங்கள் 48, மொத்தம் 336 கட்டம். அந்த அரை மணித்தியாலத்தில் என்ன செய்தீர்கள் என்று ஓரிரு சொல்லில் எழுத வேண்டும். “பஸ்சுக்கு நின்றேன்”, “சோறு”, “ஃபோன்”, “சும்மா இருந்தேன்” என்று எதுவானாலும் சரி. என்ன செய்திருக்க வேண்டும் என்று எழுதக் கூடாது, செய்ததைத்தான் எழுத வேண்டும்.

ஞாபகத்தை நம்பி இதைச் செய்ய முடியாது. “வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் படிக்கிறாய்?” என்று கேட்டால், நல்ல வாரம் ஒன்றை நினைத்துக்கொண்டுதான் பதில் சொல்வோம். நம் அம்மாமார் பறிக்கும் கொழுந்தை யாரும் கூடையைப் பார்த்து “இத்தனை கிலோ இருக்கும்” என்று எழுதுவதில்லை. தராசில் வைத்துத்தான் எழுதுகிறார்கள். இந்தத் தாள் உங்கள் வாரத்துக்குத் தராசு. ஒரு நாளைக்கு நாலு தடவை நிரப்பினால் போதும்: காலையில் கிளம்பும்போது, மத்தியானம், வீடு திரும்பியதும், படுக்கும் முன். இரவில் மொத்தமாக நிரப்பினால் மறுபடி ஞாபகக் கணக்காகிவிடும்.

பரீட்சை வாரத்திலோ திருவிழா வாரத்திலோ இதைச் செய்ய வேண்டாம். வழக்கமான வாரம்தான் வேண்டும்.

எனக்கு எழுத வெட்கமா இருக்கு. ஃபோன் பார்த்ததையெல்லாம் மத்தவங்க பார்ப்பாங்களா?

யாரும் பார்க்க மாட்டார்கள், நானும் பார்க்க மாட்டேன். தாள் உங்கள் கையை விட்டுப் போகாது. விரும்பினால் உங்களுக்கு மட்டும் புரியும் எழுத்துக் குறி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை ஓரிடத்தில் நிர்வாகத்தினர் தாள்களைச் சேகரித்து வைத்துக்கொண்டார்கள். அடுத்த அணி வந்தபோது ஒவ்வொரு தாளிலும் இரவு ஏழு முதல் பன்னிரண்டு வரை “படிப்பு” என்று அழகாக எழுதியிருந்தது. அந்தத் தாள்களை வைத்து எதுவுமே செய்ய முடியவில்லை. அதிலிருந்து, தாளைச் சேகரிப்பதில்லை என்று எழுத்தில் உறுதி தந்தால்தான் ஓரிடத்துக்குப் போகிறேன்.

சரி, தாளை நிரப்பிட்டேன். அதை வச்சு என்ன செய்யணும்?

நிறம் தீட்டிக் கூட்ட வேண்டும். உறக்கம், விரிவுரை, பயணம், வீட்டு வேலை, சம்பாத்தியம், குளியல் சாப்பாடு, ஃபோன், உறவும் கோயிலும், சொந்தப் படிப்பு என்று ஒன்பது நிறம் போதும். எதிலும் சேராதவற்றையும் வெறுமையாக விட்ட கட்டங்களையும் தனியாக எண்ணுங்கள். எல்லாம் சேர்ந்து 168 மணித்தியாலம் வர வேண்டும், வராவிட்டால் எங்கோ எண்ணிக்கை பிசகியிருக்கிறது.

ஒரு தங்கையின் வாரத்தை அவருடைய அனுமதியோடு சொல்கிறேன். கணக்கியல் டிப்ளோமா இரண்டாம் வருடம், தோட்டத்திலிருந்து தினமும் போய் வருபவர். உறக்கம் 49 மணித்தியாலம், விரிவுரை 25. பயணம் ஒரு வழிக்கு ஒன்றே முக்கால் மணித்தியாலம்: மேல் டிவிசனிலிருந்து ரோட்டுக்கு இறங்க 25 நிமிடம், பஸ்சுக்குக் காத்திருக்க 30, பஸ்சில் 50. ஐந்து நாளில் அது 17.5 மணித்தியாலம். வீட்டு வேலை 22.5, பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் 4.5, குளியல் சாப்பாடு 14, ஃபோன் 14, கோயில், உறவினர் 6, சொந்தப் படிப்பு 8. கூட்டினால் 160.5. மீதி 7.5 மணித்தியாலம் எங்கே போனது என்று தாளிலும் இல்லை, அவருக்கும் தெரியவில்லை.

தாளை எழுதும் முன் அவர் தன் படிப்பு நேரத்தை 20 மணித்தியாலம் என்று ஊகித்திருந்தார். 8 என்று வந்ததும் அழப் பார்த்தார். நான் அவரிடம் சொன்னதை எல்லாருக்கும் சொல்கிறேன்: அந்த 8ஐப் பார்த்து உங்களைச் சோம்பேறி என்று நினைக்காதீர்கள். விரிவுரை, பயணம், வீட்டு வேலை, டியூஷன் நாலும் சேர்ந்து 69.5 மணித்தியாலம் உழைத்திருக்கிறார் அந்தப் பிள்ளை. இனிமேல் போடும் எந்தத் திட்டத்துக்கும் அடிப்படை 8 என்பதுதான், 20 இல்லை. இது தெரிந்துவிட்டாலே பாதிப் பிழை நின்றுவிடும்.

ஒரு ஒப்படை எழுத எவ்வளவு நேரம் ஆகும்னு எப்பவுமே தப்பா நினைக்கிறேன். எனக்கு மட்டும்தான் இப்படியா?

எல்லாருக்கும் இப்படித்தான். டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979லேயே இதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். திட்டம் போடும்போது மனிதர் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதுதான் அதன் சாரம். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், கனடாவில் இறுதி வருட ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த 37 மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக சுமார் 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால்? சுமார் 49 நாள் என்றார்கள். உண்மையில் எடுத்ததோ 55 நாளுக்கு மேல். மோசமாகப் போனால் என்று நினைத்துச் சொன்னதைக்கூட உண்மை தாண்டிவிட்டது.

வேலையை நினைக்கும்போது அது தடையில்லாமல் ஓடுவதாகவே மனதில் படம் ஓடுகிறது. போன தடவை கரண்ட் போனது, லெப்டொப் அண்ணனிடம் இருந்தது என்பதெல்லாம் “அது அன்றைக்கு மட்டும்” என்று ஒதுங்கிவிடுகிறது. செயலமர்வில் இதை நீங்களே பார்ப்பீர்கள். உங்கள் பாடத்திலிருந்தே இரண்டு பக்கம் தருவோம். வாசித்து ஐந்து வரிச் சுருக்கம் எழுத எத்தனை நிமிடம் ஆகும் என்று தாளின் மூலையில் முதலில் எழுத வேண்டும், பிறகு மணி பார்த்துச் செய்ய வேண்டும். பத்து நிமிடம் என்று எழுதியவர்களில் பெரும்பாலோர் பதினைந்தைத் தாண்டுகிறார்கள், சிலருக்கு இருபதுக்கு மேலும் போகிறது. எடுத்த நிமிடத்தை ஊகித்த நிமிடத்தால் வகுத்துப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 10 என்று ஊகித்து 18 எடுத்திருந்தால் 1.8. அது உங்கள் எண். ஒரே ஒரு சிறு வேலையில் வந்த எண் என்பதால் இன்னும் நாலைந்து வேலையில் அளந்த பிறகே அதை நம்பலாம்.

அப்போ சரியா மதிப்பிட என்ன வழி?

வேலையைத் துண்டு துண்டாக நறுக்குவதுதான். “ஒப்படை” என்பது ஒரு வேலை இல்லை, ஏழெட்டு வேலைகளுக்கு வைத்த ஒரே பெயர். மேலே சொன்ன தங்கை 2000 சொல் ஒப்படைக்கு ஆறு மணித்தியாலம் என்று ஊகித்திருந்தார். நறுக்கச் சொன்னோம். கேள்வியைப் புரிந்து எழுதிவைக்க அரை மணித்தியாலம். வாசிக்க வேண்டியதைத் தேட 2. வாசித்துக் குறிப்பெடுக்க 3. எந்தப் பந்தியில் எது என்று சட்டகம் போட 1. கையால் எழுத 4. தட்டச்சு 2. உசாத்துணைப் பட்டியல் 1. டவுனுக்குப் போய்க் கொமினிகேஷனில் பிரின்ட் எடுத்துக் கட்ட ஒன்றரை. கூட்டிப் பார்த்தால் 15.

அவருடைய ஆறு மணித்தியாலத்துக்குள் இருந்தது வாசிப்பும் எழுத்தும் மட்டும், அதுவும் குறைத்து மதிப்பிட்டது. தேடுவது, தட்டச்சு, பிரின்ட் எல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. செய்து முடித்தபோது 17 மணித்தியாலம் ஆனதாகச் சொன்னார். அதுவும் ஊகத்தை விட அதிகம்தான், ஆனால் 6க்கும் 17க்கும் உள்ள தூரம் எங்கே, 15க்கும் 17க்கும் உள்ள தூரம் எங்கே. துண்டு ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலத்துக்குள் இருக்கும்படி நறுக்குவது நல்லது. இந்தக் கணக்கில் 3, 4 என்று நின்ற துண்டுகளில்தான் அந்தக் கூடுதல் இரண்டு மணித்தியாலமும் போயிற்று.

எந்த நாள்ல ஆரம்பிக்கணும்னு எப்படி முடிவு செய்றது?

கெடு நாளிலிருந்து பின்னோக்கி நடந்தால் தொடங்கும் நாள் தானாக வரும். அதே ஒப்படையின் கெடு 28ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை 4 மணி. முதல் காரியம், கெடுவை மூன்று நாள் முன்னால் இழுப்பது: செவ்வாய் 25. அந்த மூன்று நாள் சோம்பலுக்கு இல்லை. மழைக்குக் கரண்ட் போகும், ரோட்டில் மண்மேடு சரியும், கெடு நாளன்று கொமினிகேஷனில் வரிசை நிற்கும், அதற்காக.

அடுத்து, வாரத்தில் உண்மையாகக் கையில் இருக்கும் நேரம். அவரிடம் இருந்தது 8 மணித்தியாலம். தாளில் தொலைந்துபோன 7.5இலிருந்து 3.5ஐ மீட்கலாம் என்றார், முழுவதையும் மீட்பேன் என்று சொல்லாதது எனக்குப் பிடித்தது. ஆக 11.5. இதில் அன்றாடப் பாடங்களுக்கு 4 போனால் ஒப்படைக்கு வாரத்துக்கு 7.5. 15 மணித்தியால வேலைக்கு இரண்டு வாரம். 25இலிருந்து 14 நாள் பின்னால் போனால் 11ஆம் திகதி. அன்றைக்குத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

அவருடைய பழைய திட்டம் சனிக்கிழமை 22இல் தொடங்குவது. ஆறு மணித்தியால வேலைக்கு ஒரு வார இறுதி போதும் என்ற நினைப்பு. அப்படித் தொடங்கியிருந்தால் வெள்ளிக்குள் கிடைத்திருக்கக் கூடியது ஏழு மணித்தியாலமும் இல்லை. மீதி எட்டு மணித்தியாலமும் உறக்கத்திலிருந்துதான் வந்திருக்கும். கடைசி இரவுக் கண்விழிப்பு சோம்பலால் மட்டும் வருவதில்லை, பெரும்பாலும் கழித்தல் கணக்குப் போடாததால் வருகிறது.

பஸ்ஸில போற நேரம்தான் எனக்கு அதிகம். அதுல படிக்கலாம்தானே?

ஓடும் பஸ்சில் வாசிக்க வேண்டாம். நம் ரோட்டு வளைவுகளில் குனிந்து எழுத்தைப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தலை சுற்றிக் குமட்டும். அப்புறம் வகுப்பின் முதல் மணித்தியாலமும் போய்விடும். கூட்டத்தில் நின்றுகொண்டு வருபவருக்கு அதுவும் முடியாது. அங்கே காது மட்டும்தான் வேலை செய்யும். பாடத்தின் முக்கியமான விடயத்தை உங்கள் குரலிலேயே ஐந்து நிமிடம் ஃபோனில் பதிந்து, போகும்போது கேளுங்கள். டேட்டா செலவில்லை.

பஸ்சுக்குக் காத்திருக்கும் நேரம் வேறு மாதிரி. அந்தத் தங்கைக்கு வாரத்தில் ஐந்து மணித்தியாலம், அரை அரை மணித்தியாலத் துண்டுகளாக. அதில் ஒப்படை எழுத முடியாது. அதனால்தான் மேலே உள்ள கணக்கில் இதைச் சேர்க்கவில்லை. வரைவிலக்கணம், சூத்திரம், ஆங்கிலச் சொல் போன்றவற்றைச் சின்ன அட்டையில் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை என்று எழுதிப் பையில் வைத்தால், நின்றபடியே தன்னைத் தானே சோதிக்கலாம். திரும்பி வரும் பயணத்தில் சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவதில் ஒரு தவறும் இல்லை.

லயத்து வீட்டில தனி அறையும் இல்லை, உட்கார்ந்தா ஏதாவது வேலை சொல்லிக்கிட்டே இருக்காங்க. அதுக்கு என்ன செய்வீங்க?

இடத்தை என்னால் தர முடியாது. இருக்கும் இடத்தில் எந்த நேரம் அமைதியானது என்று தாள் காட்டும். சிலருக்கு அது டீவி நிற்கும் இரவு 9.30க்குப் பிறகு. சிலருக்கு, பெரியவர்கள் பெரட்டுக்குப் போன பிறகு வகுப்பில்லாத நாளில் கிடைக்கும் காலை. சிலருக்கு வீட்டிலேயே கிடையாது. அவர்கள் வகுப்பு முடிந்ததும் நூலகத்தில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு அடுத்த பஸ்சில் வருவதுதான் வழி. கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டு.

வீட்டாரிடம் பேசுவதற்கும் ஒரு பயிற்சி வைத்திருக்கிறோம். இருவர் இருவராக, ஒருவர் அம்மா, ஒருவர் பிள்ளை. “படிக்கணும், தொந்தரவு செய்யாதீங்க” என்றால் சண்டைதான். “அம்மா, செவ்வாயும் வியாழனும் ஏழு மணியிலிருந்து எட்டரை வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க. தண்ணி எடுக்கிறதையும் பாத்திரத்தையும் அதுக்கு முன்னாடியே முடிச்சிடுறேன்” என்று சொல்லிப் பாருங்கள். நாளும் மணியும் சொன்னால் வீட்டார் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். அண்ணன் தம்பி வீட்டில் இருந்தும் பாத்திரம் எப்போதும் தங்கையின் தலையில் விழுகிறதென்றால், அதையும் அந்தப் பேச்சில் எடுக்கத்தான் வேண்டும். 22.5 மணித்தியாலம் என்று எழுதிய தாளைக் காட்டியதும் ஒரு தம்பி தண்ணீர் எடுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டான்.

விடியக்காலம் நாலு மணிக்கு எழும்பிப் படிச்சாதான் ஏறும்னு சொல்றாங்களே?

இரவு ஒன்பதுக்குப் படுப்பவருக்குச் சரி. பதினொன்றுக்குப் படுத்து நாலுக்கு எழும்பினால் ஐந்து மணித்தியால உறக்கம், அது பகலில் விரிவுரையில் கண் சொருகுவதாகத் திரும்பி வரும். படித்தது மனதில் படிய உறக்கமும் வேண்டும். வளர்ந்தவருக்கு ஏழு மணித்தியாலமாவது தேவை என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். திட்டத்தில் உறக்கத்துக்கு முதலில் நிறம் தீட்டிவிட்டு மற்றதைப் போடுங்கள்.

25 நிமிசம் படிச்சு 5 நிமிசம் நிறுத்துற முறை நல்லதா?

தொடங்கவே மனம் வராதவருக்கு நல்லது. பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980களின் கடைசியில் தான் மாணவனாக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்து உருவாக்கிய முறை அது. கணக்குச் செய்வதற்கும் ஒப்படை எழுதுவதற்கும் 25 நிமிடம் சிலருக்குக் குறைவாகப் படும், 45க்கு மாற்றிக்கொள்ளலாம். ஓய்வு ஐந்து நிமிடத்தில் ஃபோனை எடுத்தால் அது ஐந்து நிமிடத்தில் முடியாது. எழுந்து வெளியே நடந்துவிட்டு வாருங்கள்.

டைம் டேபிள் போட்டா மூணு நாளைக்கு மேல நிக்கிறதே இல்லை. ஏன்?

இரண்டு காரணம் பார்த்திருக்கிறேன். முதலாவது, அட்டவணை எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிடுகிறது. திங்கள் ஒரு பஸ் தவறினால் செவ்வாய் முழுதும் சாய்கிறது, புதன் மனம் விட்டுப்போகிறது. கையில் இருக்கும் நேரத்தில் நாலில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள். 11.5 மணித்தியாலம் இருந்தால் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் எதற்கும் ஒதுக்காமல் சனி, ஞாயிறில் இருக்கட்டும். வாரத்தில் தவறியது அங்கே போய் உட்காரும். அப்படியானால் ஒப்படைக்கு வாரம் 7.5 என்ற கணக்கே இறுக்கமானது இல்லையா என்று ஒரு தம்பி கேட்டார். சரியான கேள்வி. அந்தத் தங்கைக்கு மூன்று நாள் முன்னிழுத்த கெடுதான் அந்த வேலையைச் செய்தது. 17 மணித்தியாலம் ஆனபோது கூடுதலான இரண்டும் அங்கேதான் போயின. கெடுவை முன்னிழுக்க முடியாதவர் வாரத்துக்குள்ளேயே வெற்றிடம் விட வேண்டும்.

இரண்டாவது, அட்டவணை “மாலை 7: படிப்பு” என்று மட்டும் சொல்கிறது. ஏழு மணிக்கு உட்கார்ந்து எதைப் படிப்பது என்று யோசிக்கும்போதே ஃபோன் கைக்கு வந்துவிடும். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் ஆராய்ந்த ஒரு வழி இருக்கிறது. “இது நடந்தால், இதைச் செய்வேன்” என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. “தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்ததும், ஃபோனை அம்மாவின் அலமாரியில் வைத்துவிட்டு, இரண்டாம் பந்தியை எழுதுவேன்.” “கரண்ட் போனால், தட்டச்சை விட்டுவிட்டு உசாத்துணைப் பட்டியலைக் கையால் எழுதுவேன்.” செயலமர்வில் ஒவ்வொருவரும் இப்படி மூன்று எழுதுவார்கள், பக்கத்தில் இருப்பவர் அதில் ஓட்டை தேடுவார். “நேரம் கிடைத்தால் படிப்பேன்” என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதில் நடக்கும் காரியமும் இல்லை, செய்யும் காரியமும் இல்லை.

தோட்டத்துல திருவிழா வருது, இல்லைன்னா சொந்தத்துல ஒரு சாவு. அப்போ திட்டம் என்னாகும்?

திருவிழா திகதி முன்னமே தெரியும், செமஸ்டர் தொடக்கத்திலேயே காலண்டரில் குறித்து அந்த வாரத்தின் படிப்பு நேரத்தைப் பூச்சியமாக வையுங்கள். காமன் கூத்து ஆடுபவர்கள், தீமிதிக்கு விரதம் இருப்பவர்கள் ஒத்திகைக்கும் விரதத்துக்கும் போகும் நாட்களையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். சாவு வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். போய் வந்த பிறகு விட்டதையெல்லாம் ஒரே நாளில் பிடிக்கப் பார்க்காமல், மிச்சமுள்ள துண்டுகளைத் திரும்ப எண்ணி, மேலே சொன்ன கழித்தலை அன்றைய திகதியிலிருந்து மறுபடி போடுங்கள். கணக்கு உதைத்தால் அன்றைக்கே விரிவுரையாளரிடம் தவணை கேளுங்கள்.

எல்லாத்தையும் கூட்டிட்டேன். வேலைக்கும் போறேன், 168ஐத் தாண்டுது. நான் இப்ப என்ன செய்றது?

இதைக் கேட்பவர்களிடம் நான் இன்னும் ஒழுங்காகத் திட்டமிடு என்று சொல்வதில்லை. கடைச் சம்பளத்தில் தங்கையின் படிப்பும் நடக்கும் பிள்ளைக்கு நேர முகாமைத்துவம் மணித்தியாலத்தை உண்டாக்கித் தராது. அது எங்கே முட்டுகிறது என்பதை மட்டும்தான் காட்டும். முதலில் உறக்கத்தைக் குறைத்துத்தான் கணக்கைச் சமன் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படியானால் உண்மையான குறை இன்னும் பெரியது.

பிறகு, எது வளையும் என்று ஒவ்வொன்றாகக் கேட்போம். வேலை நேரத்தைப் பரீட்சை மாதத்தில் மட்டும் குறைக்க முடியுமா? மஹாபொல போன்ற உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாயிற்றா? தினப் பயணத்துக்குப் பதிலாக விடுதி கிடைக்குமா? எதுவும் வளையாவிட்டால், எந்தப் பாடத்தில் உயர்ந்த புள்ளியும் எதில் சித்தியும் போதும் என்று தெரிந்தே தீர்மானிக்க வேண்டும். நிரப்பிய தாளோடு மாணவர் ஆலோசகரிடம் போங்கள். “நேரம் இல்லை சேர்” என்பதற்கும், மணித்தியாலத்தை எழுதிக் காட்டுவதற்கும் கிடைக்கும் பதில் வேறு வேறு.

கடைசியில கையில என்ன கொண்டு போவோம்?

நாலு தாள். உங்கள் வாரத்தின் நிறக்கணக்கு, உங்கள் ஊக எண், ஒரு ஒப்படையின் துண்டுப் பட்டியலும் தொடங்கும் திகதியும், “நடந்தால் செய்வேன்” வாக்கியம் மூன்று. சான்றிதழ் கிடையாது. நாலு வாரம் கழித்து ஒன்றரை மணித்தியாலம் மறுபடி கூடுவோம். அதற்கு முந்தின வாரம் இரண்டாவது தடவை 336 கட்டத்தையும் நிரப்பிக் கொண்டுவர வேண்டும்.

எங்க இடத்துல நாங்களே இதை நடத்தலாமா?

தாராளமாக. இருபத்தைந்து பேருக்கு மேல் போனால் இரண்டு அணியாகப் பிரியுங்கள், இல்லாவிட்டால் பின்னோக்கித் திட்டத்தை ஒவ்வொருவரிடமும் போய்ப் பார்க்க முடியாது. போட்டோகொப்பி, நிறப் பென்சில், ஒரு சுவர்க் கடிகாரம் போதும், ப்ரொஜெக்டர் வேண்டாம். தாளை நிரப்பாமல் வருபவர்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள். அவர்களை நேற்றைய ஒரு நாளை மட்டும் எழுதச் சொல்லுங்கள், ஏழால் பெருக்கச் சொல்லாதீர்கள். நேரம் போதாவிட்டால் 25 நிமிட முறையை விட்டுவிடுங்கள், ஒப்படைப் பயிற்சியை மட்டும் குறைக்காதீர்கள். கற்பனை ஒப்படையும் கொடுக்காதீர்கள், கையில் உள்ள உண்மையான ஒன்றுதான் வேண்டும்.

பலன் இருந்ததா என்பதை, நல்லா இருந்துச்சு என்று பிள்ளைகள் சொல்வதை வைத்துப் பார்க்க வேண்டாம். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, முதல் தடவை தன் படிப்பு நேரத்தை ஊகித்ததற்கும் எண்ணியதற்கும் இருந்த வித்தியாசத்தையும், இரண்டாம் தடவை இருந்த வித்தியாசத்தையும் பிள்ளையே எழுதட்டும். அந்தத் தங்கைக்கு முதல் தடவை வித்தியாசம் 12 மணித்தியாலம். நாலு வாரம் கழித்து அவர் ஊகித்தது 11, எண்ணியது 10.